குறி இல்லாமல் அந்தப் பக்கம் போன 2x

எட்டுக் கணக்கில் ஆறு சரி, இரண்டு தப்பு. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இது மோசமில்லை. தப்பான இரண்டிலும் சிவப்பு மையால் கோடு போட்டு, ஓரத்தில் "குறியைக் கவனி" என்று எழுதி நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நான் எழுதிய அந்த வரியால் அவளுக்கு ஒரு பயனும் இல்லை. போதாததற்கு, நான் சரி போட்ட ஆறில் ஒன்று சரியே இல்லை. இந்த இரண்டும் எனக்குப் புரிய மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரத்தில் நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் ரங்கூனில் தாம்வே பக்கம் வீட்டிலேயே சாயங்காலம் டியூஷன் எடுக்கிறேன். வருகிற பிள்ளைகள் பாதிக்கு மேல் தமிழ் வீட்டுப் பிள்ளைகள். பள்ளிக்கூடத்தில் எல்லாம் பர்மிய மொழியில் படித்துவிட்டு வந்து, புரியாத இடத்தை என்னிடம் தமிழில் கேட்பார்கள். கூப்பிடுவது மட்டும் இங்கே எல்லோரும் கூப்பிடுவது போல "சயாமா" என்றுதான். இந்தப் பெண்ணின் அப்பா பயின்னாங் சந்தையில் ஒரு பருப்புக் கடையில் எடை போடுகிறவர். உளுந்தும் பாசிப்பயறும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் இடம் அது. அவர் வேலையைச் சொல்லக் காரணம் உண்டு, பின்னால் வரும்.

தப்பான இரண்டு கணக்கும் இவை. முதலாவது:

4x + 5 = 2x + 17

அவள் எழுதியிருந்தது:

4x + 2x = 17 − 5
6x = 12
x = 2

இரண்டாவது:

15 − 3x = 3

அவள் எழுதியிருந்தது:

−3x = 3 + 15
−3x = 18
x = −6

பார்த்தவுடனே எந்த ஆசிரியரும் சொல்லிவிடுவார்: முதலாவதில் 2x அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தபோது குறி மாறவில்லை, இரண்டாவதில் 15 போனபோது மாறவில்லை. சரியான விடைகள் 6, 4. நானும் அதைத்தான் சொன்னேன். "பக்கம் மாறினால் குறி மாறும், மறக்காதே" என்று சொல்லி இன்னும் பத்துக் கணக்கு கொடுத்தேன்.

அந்தப் பத்தில் நிலைமை இன்னும் கெட்டது. திருத்திய பிறகு மறுபடி போடச் சொன்ன அதே முதல் கணக்கை அவள் இப்போது இப்படிப் போட்டிருந்தாள்:

4x − 2x = −17 − 5
2x = −22
x = −11

2x இந்த முறை ஒழுங்காகக் குறி மாறி வந்திருந்தது. ஆனால் இருந்த இடத்தைவிட்டு அசையவே அசையாத 17க்கும் குறி மாறிவிட்டது. "குறி மாறும், குறி மாறும்" என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தால், பாவம், பிள்ளை எதை மாற்றுவது என்று தெரியாமல் கண்ணில் பட்டதையெல்லாம் மாற்றுகிறாள். மறதிதான் காரணம் என்று நினைத்து நான் மருந்து கொடுத்தேன். நோய் வேறு.

அப்போதுதான் தப்பான கணக்கை விட்டுவிட்டு, சரியான கணக்குகளைப் பார்க்க உட்கார்ந்தேன். முதல் எட்டில் இப்படி ஒன்று இருந்தது:

7x = 30 + 2x

இதை அவள் 7x − 2x = 30 என்று எழுதி, x = 6 என்று சரியாகவே முடித்திருந்தாள். இங்கேயும் நகர்வது அதே 2x. வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் வருவதும் அதேதான். இங்கே குறி மாறுகிறது, 2x + 17 என்ற இடத்தில் மாறவில்லை. மறதி என்றால் இப்படி ஒரே உறுப்பில் ஆள் பார்த்து வராது.

இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தேன். 30 + 2x என்பதில் 2xக்கு முன்னால் ஒரு கூட்டல் குறி கண்ணுக்குத் தெரிகிறது. அதை அவள் கழித்தலாக மாற்றினாள். 2x + 17 என்பதில் 2x பக்கத்தின் முதலில் நிற்கிறது. அதற்கு முன்னால் சமக்குறிதான் இருக்கிறது, வேறு ஒன்றும் இல்லை. மாற்றுவதற்கு அங்கே குறியே இல்லை. 15 − 3x = 3 என்பதிலும் அதே கதை. 15 முதலில் நிற்கிறது, முன்னால் வெறும் காகிதம். குறியோடு நிற்கிற எண்ணை அவள் ஒருமுறைகூடத் தவறாக நகர்த்தவில்லை. முதலில் நிற்பதை நகர்த்தும்போதெல்லாம் தவறினாள்.

இந்த ஊகம் சரியா என்று பார்க்க அவளை உட்காரவைத்து, கணக்கைப் போடச் சொல்லாமல், ஒவ்வொரு உறுப்பையும் சுற்றிப் பென்சிலால் ஒரு கட்டம் போடச் சொன்னேன். 15 − 3x = 3 என்பதில் அவள் மூன்று கட்டம் போட்டாள்: 15 ஒன்று, 3x ஒன்று, 3 ஒன்று. கழித்தல் குறி எந்தக் கட்டத்துக்குள்ளும் வரவில்லை. இரண்டு கட்டத்துக்கு நடுவில், வீட்டுக்கு வெளியே நிற்கிற ஆள் மாதிரி நின்றது.

"இந்த மைனஸ் யாரோடது?" என்று கேட்டேன்.

"அது ரெண்டுக்கும் நடுவுல இருக்கு, சயாமா. யாரோடதுன்னு தெரியல."

எனக்கு அந்த ஒரு வரி போதும். சின்ன வகுப்பிலிருந்து அவள் பார்த்த கழித்தல் குறி, இரண்டு எண்ணுக்கு நடுவில் நின்று "இதிலிருந்து அதை எடு" என்று சொல்லும் ஒரு கட்டளை. சமன்பாட்டுக்கு வரும்போது அதே குறி தனக்கு வலப்பக்கம் இருக்கிற உறுப்பின் சொத்தாகிவிடுகிறது. 15 − 3x என்றால் அங்கே இருப்பவை இரண்டு உறுப்புகள்: +15 ஒன்று, −3x ஒன்று. இந்த மாற்றத்தை யாரும் அவளுக்கு வாய்விட்டுச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. 15க்கு முன்னால் ஒரு கூட்டல் குறி எழுதப்படாமல் இருக்கிறது என்பதையும் சொல்லவில்லை. எழுதாத குறியை எப்படி மாற்றுவாள்?

இந்தக் கண்ணோடு பழைய நோட்டை மறுபடி புரட்டினேன். நான் சரி போட்டிருந்த ஐந்தாம் கணக்கில் கை நின்றுவிட்டது.

6 + 5x = 2x + 15

அவள் எழுதியது:

5x + 2x = 15 + 6
7x = 21
x = 3

விடை 3. சரியான விடையும் 3தான். ஆனால் செய்முறையில் இரண்டு தவறு இருக்கிறது. 2x குறி மாறாமல் வந்திருக்கிறது, 6 குறி மாறாமல் போயிருக்கிறது. ஒழுங்காகச் செய்தால் 5x − 2x = 15 − 6, அதாவது 3x = 9, அதிலும் x = 3. இரண்டு தவறும் ஒன்றையொன்று அடித்துவிட்டன. நான் கடைசி வரியை மட்டும் பார்த்துச் சரி போட்டேன். அவள் பக்கம் யோசித்துப் பாருங்கள்: ஒரே முறையில் செய்த மூன்று கணக்கில் இரண்டு தப்பு, ஒன்று சரி என்று திரும்பி வந்திருக்கிறது. அந்தச் சரி அடையாளம், அவளுடைய முறை நல்ல முறைதான், அந்த இரண்டில் ஏதோ கைத்தவறு என்று அவளுக்குச் சொல்லியிருக்கும்.

இது தற்செயலாக எப்போது நேரும் என்று பார்த்தால், தவறாக நகர்ந்த இரண்டு உறுப்பும் எதிர் எதிர்ப் பக்கத்தில் இருந்து, அவற்றின் மதிப்பும் ஒன்றாக இருக்கும்போது நேரும். இங்கே x = 3 என்றால் 2x என்பது 6. இடப்பக்கம் கிளம்பியதும் 6. அதனால்தான் சமனாகிவிட்டது. கணக்குப் புத்தகம் தயாரிக்கிறவர்கள் சின்ன எண்களையே எடுப்பதால், இப்படிப்பட்டவை நாம் நினைப்பதைவிட அடிக்கடி வந்து விழும்.

சரி, இனி அவளுடைய அப்பாவின் தராசுக்கு வருகிறேன்.

இங்கே சந்தையில் இன்றும் எடைக்கு வீசைதான். ஒரு வீசை ஏறத்தாழ 1.63 கிலோ. தமிழ்நாட்டில் தாத்தா பாட்டியோடு போன அந்தச் சொல் பர்மாவில் தினசரிப் புழக்கத்தில் இருக்கிறது. அவளிடம் முதல் கணக்கை இப்படிச் சொன்னேன்: தராசின் இடத்தட்டில் ஒரே அளவான நாலு உளுந்துப் பொட்டலம், கூடவே 5 வீசைப் படிக்கல். வலத்தட்டில் இரண்டு பொட்டலம், 17 வீசைப் படிக்கல். முள் நடுவில் நிற்கிறது. ஒரு பொட்டலம் எத்தனை வீசை?

யோசிக்கவே இல்லை. "ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு பொட்டலத்த எடுத்துடுவோம்" என்றாள். இடப்பக்கம் இரண்டு பொட்டலமும் 5 வீசையும், வலப்பக்கம் வெறும் 17 வீசை. அப்புறம் இரண்டு பக்கமும் 5 வீசையை எடுத்தால் இரண்டு பொட்டலத்துக்கு 12 வீசை, ஒன்றுக்கு 6.

"நோட்டுல நீ என்ன செஞ்ச, அதைத் தராசுல செஞ்சு காட்டு" என்றேன். மேசையில் இருந்த தீப்பெட்டிகளைப் பொட்டலமாக வைத்துக்கொண்டோம். 4x + 2x என்று எழுதியவள், வலத்தட்டிலிருந்து இரண்டு தீப்பெட்டியை எடுத்தாள், நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், மெதுவாக இடத்தட்டில் கொண்டுபோய் வைத்தாள். வைத்த கையோடு, "அய்யோ, சாஞ்சிடும்" என்றாள்.

அதுதான் அவளுடைய தவறு, அப்படியே. "இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் கொண்டுபோ" என்ற எங்கள் பேச்சை அவள் வார்த்தைக்கு வார்த்தை நம்பியிருக்கிறாள். ஒரு தட்டிலிருந்து எடுத்து மறு தட்டில் வைத்திருக்கிறாள். உண்மையில் சமன்பாட்டில் எதுவும் எங்கேயும் போவதில்லை. இரண்டு பக்கமும் 2xஐக் கழிக்கிறோம். வலப்பக்கம் 2x ஒழிந்துபோகிறது, இடப்பக்கம் −2x தோன்றுகிறது. பார்க்கிறவர் கண்ணுக்கு 2x தாண்டிப் போய்க் குறி மாற்றிக்கொண்டது போலத் தெரிகிறது. 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் அல்-குவாரிஸ்மி எழுதிய நூலிலிருந்துதான் இயற்கணிதத்துக்கு ஆங்கிலத்திலும் பல மொழிகளிலும் வழங்கும் பெயர் வந்தது. அந்த "அல்-ஜப்ர்" என்ற சொல்லுக்கே, கழிபட்டு நிற்பதை இரண்டு பக்கமும் கூட்டி முழுமையாக்குவது என்றுதான் பொருள். தாண்டிப் போகும் கதை பிற்பாடு வந்த சுருக்கெழுத்து. பழகியவருக்குச் சுருக்கெழுத்து நல்லது. முதல் மாதத்திலேயே அதைக் கொடுப்பது தவறு என்று நான் இப்போது உறுதியாக நினைக்கிறேன்.

தீப்பெட்டி இன்னொன்றையும் காட்டிக் கொடுத்தது. இதுதான் இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பயன்பட்ட விஷயம்.

அவளுக்கு வந்த தவறான விடை 2. ஒரு பொட்டலம் 2 வீசை என்று வைத்துக்கொண்டால், அவள் மாற்றி வைத்த தராசு சமனாகத்தான் நிற்கும்: இடப்பக்கம் ஆறு பொட்டலம், 12 வீசை, கூட 5, மொத்தம் 17. வலப்பக்கமும் 17. அந்தத் தராசுக்கு அவள் விடை சரிதான். இப்போது இடம் மாறிய இரண்டு பொட்டலத்தை, அதாவது 4 வீசையை, திரும்ப அதன் தட்டுக்கே கொண்டுபோங்கள். இடப்பக்கம் 4 குறைந்து 13 ஆகும், வலப்பக்கம் 4 கூடி 21 ஆகும். வித்தியாசம் 8. ஒரு பக்கம் குறைந்து மறுபக்கம் கூடுவதால், வித்தியாசம் இடம் மாறிய பொருளைப்போல் இரண்டு மடங்காக வருகிறது.

இதைத் திருப்பிப் பிடித்தால் தவறைக் கண்டுபிடிக்க ஒரு வழி கிடைக்கிறது. வந்த விடையைக் கேள்வியில் அச்சாகியிருக்கும் முதல் சமன்பாட்டில் போடுங்கள். இரண்டு பக்கமும் என்ன வருகிறது என்று தனித்தனியே கணக்கிடுங்கள். வித்தியாசத்தில் பாதியை எடுங்கள். அந்தப் பாதி எந்த உறுப்பின் மதிப்போடு பொருந்துகிறதோ, அந்த உறுப்பின் குறிதான் தவறியிருக்கிறது.

முதல் கணக்கில் x = 2 என்று போட்டால் 13, 21. வித்தியாசம் 8, பாதி 4. உறுப்புகளின் மதிப்பு வரிசையாக 8, 5, 4, 17. நாலு என்பது 2x. பிடித்தாயிற்று.

இரண்டாவதில் x = −6. இடப்பக்கம் 15 − 3x என்பது 15 + 18, அதாவது 33. வலப்பக்கம் 3. வித்தியாசம் 30, பாதி 15. முதலில் நிற்கும் அந்த 15தான்.

அப்புறம், நான் பயமுறுத்தியதால் வந்த அந்த −11. இடப்பக்கம் −44 + 5, அதாவது −39. வலப்பக்கம் −22 + 17, அதாவது −5. வித்தியாசம் 34, பாதி 17. அசையாமல் இருந்த 17ஐத் தேவையில்லாமல் குறி மாற்றியது இங்கே தெரிகிறது. நகர்ந்தும் குறி மாறாதது, நகராமலே குறி மாறியது, இரண்டுக்கும் ஒரே தடம்தான் விழும். ஏனென்றால் இரண்டிலும் நடந்தது ஒன்றே: கூட்டலாக இருக்கவேண்டியது கழித்தலாகவோ, கழித்தலாக இருக்கவேண்டியது கூட்டலாகவோ ஆகிவிட்டது. இரண்டில் எது என்று தெரிய அந்த உறுப்பைச் செய்முறையின் முதல் இரண்டு வரியில் கண்ணால் தேடித்தான் பார்க்கவேண்டும். ஆனால் தேடவேண்டிய இடம் தெரிந்துவிட்டதால் அது ஒரு நொடி வேலை.

சில நேரம் பாதி இரண்டு உறுப்போடு பொருந்தும். 3x + 4 = 2x + 14 என்ற கணக்கில் 2xஐக் குறி மாற்றாமல் கொண்டுவந்தால் 5x = 10, x = 2 என்று வரும். போட்டுப் பார்த்தால் 10, 18. வித்தியாசம் 8, பாதி 4. ஆனால் இடப்பக்கத்தில் ஒரு 4 இருக்கிறது, வலப்பக்கத்தில் 2xஉம் 4தான். எது? எந்தப் பக்கம் கூடுதலாக வந்திருக்கிறது என்று பாருங்கள். வலப்பக்கம் 18, அதுதான் கூடுதல். தவறியது கூட்டல் உறுப்பாக இருந்தால் அது கூடுதலான பக்கத்தைச் சேர்ந்ததாகவே இருக்கும், ஏனென்றால் அங்கிருந்து தவறாகக் கிளம்பியதுதான் இப்போது திரும்பி வந்து எடையைக் கூட்டியிருக்கிறது. ஆகவே 2x. உறுப்பின் மதிப்பு கழித்தலாக இருந்தால் இது தலைகீழாகும், குறைவான பக்கத்தில் தேடவேண்டும். இதைப் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லவேண்டாம். திருத்துகிற நமக்குத் தெரிந்திருந்தால் போதும்.

பாதி எந்த உறுப்போடும் பொருந்தவில்லையா? அப்போது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. ஒன்றுக்கு மேற்பட்ட குறி தவறியிருக்கலாம், அப்போது இரண்டு மூன்று உறுப்புகளைக் கூட்டியோ கழித்தோ பார்த்தால் அந்தப் பாதி கிடைக்கும். அல்லது அது குறிப் பிழையே இல்லை. என்னிடம் வரும் இன்னொரு பையன் 3x = 12 என்பதிலிருந்து x = 12 − 3 = 9 என்று எழுதினான். போட்டுப் பார்த்தால் 27, 12. வித்தியாசம் 15, பாதி ஏழரை. எதோடும் ஒட்டவில்லை. அவன் 3ஐக் குறி மாற்றி நகர்த்தியிருக்கிறான், ஆனால் 3 அங்கே தனி உறுப்பே இல்லை, xஐப் பெருக்கிக்கொண்டு நிற்கும் கெழு. அவனுக்குச் சொல்லவேண்டியது வேறு பாடம்.

முன்னே சொன்ன ஐந்தாம் கணக்கு மாதிரி தவறுகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டால் வித்தியாசமே வராது, இந்த வழி ஒன்றும் காட்டாது. அதற்கு ஒரே காவல், விடை சரியாக இருந்தாலும் இரண்டாவது வரியைப் படிப்பதுதான். இப்போது நான் எந்தப் பிள்ளையின் நோட்டையும் கடைசி வரியிலிருந்து திருத்துவதில்லை. கேள்விக்கு அடுத்த வரியைப் பார்க்கிறேன், அப்புறம்தான் விடை.

அவளுக்கு என்ன செய்தேன் என்பதையும் சொல்லவேண்டும். இரண்டே பழக்கம் கொடுத்தேன். ஒன்று, கணக்கை எழுதியவுடன் இரண்டு பக்கத்திலும் முதலில் நிற்கும் உறுப்புக்கு முன்னால் குறி இல்லையென்றால் பென்சிலால் மெல்லிசாக ஒரு கூட்டல் போடவேண்டும். பிறகு ஒவ்வொரு உறுப்பையும் அதன் இடப்பக்கக் குறியோடு சேர்த்துக் கட்டம் கட்டவேண்டும். குறி வீட்டுக்கு வெளியே நிற்கக்கூடாது. இரண்டாவது, ஒரு வாரத்துக்கு எதையும் அந்தப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. முழு வரியும் எழுதவேண்டும்:

4x + 5 = 2x + 17
4x + 5 − 2x = 2x + 17 − 2x
2x + 5 = 17
2x + 5 − 5 = 17 − 5
2x = 12
x = 6

முதலில் அவள் முகம் வாடியது. "இவ்வளவு நீளமா எழுதுனா பரீட்சையில நேரம் பத்தாதே, சயாமா" என்றாள். நியாயமான கவலைதான். ஒரு வாரம் மட்டும் என்று ஒத்துக்கொண்டோம். நாலாவது நாள் அவளே நடுவரியை விட்டுவிட்டு எழுதத் தொடங்கினாள், குறி தவறாமல். எதற்குப் பதிலாக அந்தச் சுருக்கம் வருகிறது என்று கை பார்த்துவிட்டது, அதனால் தடுக்கவில்லை.

தராசு எல்லா இடத்துக்கும் வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 15 − 3x = 3 என்பதைத் தட்டில் வைக்க முடியாது. மூன்று பொட்டலம் குறைவாக இருப்பதை எந்தக் கல்லால் காட்டுவது? சிலர் பலூன் கட்டித் தூக்குவதாகச் சொல்லிக்கொடுப்பார்கள், எனக்கு அது ஒட்டவில்லை. அங்கே நான் கடன் கணக்குக்கு மாறிவிடுவேன். கையில் 15 இருக்கிறது, மூன்று பேருக்கு ஒரே அளவு கடனைத் திருப்பிக் கொடுக்கவேண்டும், கொடுத்தபின் மிச்சம் 3. பிரம்மகுப்தர் 628இல் எழுதிய நூலிலேயே கூட்டல் எண்ணுக்குத் தனம் என்றும் கழித்தல் எண்ணுக்கு ருணம், அதாவது கடன் என்றும்தான் பெயர். கடன் என்றவுடன் அந்தக் குறி யாருடையது என்ற கேள்வியும் தீர்ந்துவிடுகிறது: கடன் 3xஉடையது, 15உடையது அல்ல.

மூன்றாம் வாரம் ஒரு கணக்கு கொடுத்தேன்: 20 − 2x = 3x − 5. இரண்டு பக்கமும் முதலில் நிற்பது குறியில்லாத உறுப்பு, அவளுடைய பழைய பள்ளம் இரண்டும் ஒரே வரியில். 20க்கு முன்னாலும் 3xக்கு முன்னாலும் பென்சில் கூட்டல் போட்டாள். −2x − 3x = −5 − 20 என்று எழுதினாள், −5x = −25, x = 5. கேட்காமலே போட்டுப் பார்த்தாள். இரண்டு பக்கமும் 10.

போன வாரம் அடைப்புக்குறி வந்தது. 10 − (x − 4) = 3x + 2. அவள் அடைப்பைப் பிரித்து 10 − x − 4 என்று எழுதினாள், −4 என்பது +4 ஆகாமல் போய்விட்டது. 6 − 2 = 4x, x = 1 என்று முடித்தாள். உடனே சரிபார்த்தாள்: 10 − 1 − 4 என்றால் 5, 3 + 2 என்றால் 5. "பொருந்திடுச்சு" என்றாள்.

பொருந்தத்தான் செய்யும். சரிபார்க்கும்போதும் அடைப்பை அதே தவறான வழியில் பிரித்தால், தவறு தன்னைத்தானே சரி என்று சொல்லிவிடும். அடைப்பைப் பிரிக்காமல் உள்ளே என்ன இருக்கிறதோ அதை முதலில் கணக்கிடு என்றேன். அவள் 1 − 4 என்பதை −3 என்று தனியாக ஓரத்தில் எழுதிக்கொண்டாள். 10லிருந்து −3 போனால் 13. வலப்பக்கம் 5.

கொஞ்ச நேரம் பேசவில்லை. 8 என்று எழுதி, கீழே 4 என்று எழுதினாள். பென்சில் முனை சமன்பாட்டின் மேல் இடமிருந்து வலமாக நகர்ந்து, அடைப்புக்குள் இருந்த 4இல் வந்து நின்றது.